முன்னாடி அக்காவும் அறைத் தாழ்ப்பாளும்

மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், அங்கே தங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உளவியலாளருக்கு வைத்த பேர் முன்னாடி அக்கா. நோயாளி அழுதார் என்று யாராவது வந்து சொன்னால், "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்பாள். கத்தினார் என்றாலும் அதே கேள்விதான். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்துவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள், "முன்னாடி பசி, பின்னாடி கோபம். போதுமா தாயே?" என்றார். அதைப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கேள்வியை மட்டும் விடமாட்டாள். அவளுடையது உடும்புப்பிடி.

அந்தப் பிடிக்கு வேலை வந்தது ஒரு பேக்கரிக்காரப் பெண்ணால். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கையை அறுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவளை, காயத்தைத் தைத்து, இங்கே அனுப்பியிருந்தார்கள். பேட்டி எடுத்தது 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடும் பயிற்சிப் பெண். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி.

"பார்டர்லைன்தான் அக்கா. ஒண்ணு விடாம பொருந்துது. கையை அறுத்துக்கறாங்க. உள்ள ஒரே வெறுமைங்கறாங்க. மரத்துப்போற மாதிரி ஆயிடுதாம். யாரோடயும் உறவு நிலைக்கல. ரெண்டு தடவை பேட்டி, ரெண்டு தடவையும் காரணமே இல்லாம எம்மேல எரிஞ்சு விழுந்தாங்க."

"எரிஞ்சு விழறதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமே இல்லக்கா. அப்பதான் உக்காந்தோம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த மருத்துவமனையில் மனப் பேரதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் பிரிவில், பார்டர்லைன், அதாவது உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு, என்று எழுதி அனுப்பினால் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பேர் உறுதியானால், தூக்க மாத்திரையும் நாலு வார்த்தை அறிவுரையும் கொடுத்து அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடவை அவள் எவ்வளவு ஆழமாக அறுத்துக்கொள்வாள் என்று யாருக்குத் தெரியும்?

ஆனாலும் அக்கா உடனே மறுபக்கம் சாய்ந்துவிடவில்லை. அந்தப் பெண் சின்ன வயதில் மாமா வீட்டில் பட்ட கொடுமை பற்றி ஒல்லியின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பி, வருடக்கணக்கான கொடுமையின் விளைவாக வரும் சிக்கலான பி.டி.எஸ்.டி என்ற பேரதிர்ச்சி நோய் என்று முத்திரை குத்துவதும் சோம்பேறித்தனம்தான். பார்டர்லைன் உள்ளவர்களிலும் பலர் அப்படி அடிபட்டு வந்தவர்களே.

"நாளைக்கு நானும் உக்காருறேன்," என்றாள் ஒல்லியிடம்.

மறுநாள் காலை மூவரும் பேட்டி அறைக்குள் போனார்கள். பேக்கரிக்காரப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக அந்தத் துறையில் பேட்டி என்றாலே தாழ்ப்பாள் போடுவது வழக்கம். நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம். ஒல்லியும் எழுந்து போய்ப் போட்டாள். இரும்புத் தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது.

அந்தப் பெண்ணின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. மூச்சு நின்றாற்போல் இருந்தது. பார்வை சுவரில் எங்கோ போய்விட்டது. ஒல்லி, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதுதான் தாமதம்.

"என்னை விடுங்க! தொடாதீங்க! விடுங்கன்னு சொல்றேன்ல!"

யாரும் அவளைத் தொடவில்லை. அக்கா எழுந்து தாழ்ப்பாளை நீக்கி, கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். "நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்கம்மா. கதவு திறந்திருக்கு பாருங்க. காலைத் தரையில அழுத்தி ஊனிக்குங்க. இங்க யாரும் உங்களைத் தொடமாட்டாங்க." மெதுவாக அந்தப் பெண் தன்னிலைக்குத் திரும்பி வந்தாள். அழுதாள்.

"மாமா வீட்டு ஸ்டோர் ரூம்ல இதே சத்தம்தான் மேடம். நினைப்பு வர்ற மாதிரி இல்ல. அங்கயே இருக்கேன். அந்த வீச்சம்கூட அடிக்குது."

ஒல்லியின் முகம் வெளுத்துப்போனது. காரணமே இல்லை என்று எழுதியவள், காரணமான அந்தத் தாழ்ப்பாளை இரண்டு தடவையும் தன் கையாலேயே போட்டிருக்கிறாள். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்? அந்தத் துறை முழுக்க அப்படித்தானே செய்தது.

அதற்குப் பிறகு அக்கா அவசரமில்லாமல் கேட்டாள். அதே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறது. மாமா வீட்டுத் தெருப்பக்கம் போக நேர்ந்தால் ஊரைச் சுற்றிப் போவாள். பேக்கரியிலும் வாசலைப் பார்த்த மாதிரிதான் நிற்பாள். கையை அறுத்துக்கொண்டதுகூட, மரத்துப்போன உடம்புக்கு உணர்வு திரும்பி வருவதற்காகத்தான்.

"உங்களைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? அது அடிக்கடி மாறுமா?"

"என்னத்த மாறறது? நான் அசிங்கம். பன்னெண்டு வயசுலேர்ந்து அதேதான்."

"நெருங்கினவங்க விட்டுட்டுப் போனா?"

"நிம்மதி. அதுக்கு முன்னாடி நானே போயிடுவேன்."

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அவள் கூடப்பிறந்த மூத்தவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "இவளாவது, போகாதேன்னு யாரையும் கெஞ்சறதாவது! பாசமா ரெண்டு வார்த்தை பேசினா போனையே அணைச்சு வச்சிடுவா," என்று அந்த அம்மாள் அலுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "கையை அறுத்துக்கிட்டாங்க, கத்தறாங்க. இன்னும் என்னம்மா வேணும்?" என்றார்.

"அது பார்டர்லைன்லயும் வரும், சிக்கலான பி.டி.எஸ்.டிலயும் வரும் சார்," என்றாள் அக்கா. "அதை வச்சுப் பிரிக்க முடியாது. பழசு இப்ப நடக்கற மாதிரியே திரும்ப வருது, அதை நினைவுபடுத்தறதை எல்லாம் ஒதுக்கறாங்க, எப்பவும் ஆபத்துன்னு உடம்பு விறைச்சு நிக்குது. இந்த மூணும் இருக்கு. அதோட உணர்ச்சி கட்டுக்கடங்கல, தன்னைப் பத்திக் கேவலமான எண்ணம், நெருங்க முடியாத உறவு. பார்டர்லைன்ல வர்ற மாதிரி, விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு துடிக்கிறது இல்ல. ஒருத்தரை இன்னிக்குத் தலையில வச்சுக் கொண்டாடி நாளைக்குத் தூக்கிப் போடறதும் இல்ல. 'நான் யாரு'ங்கறது ஆடல சார். அசையாம ஒரே இடத்துல நிக்குது, மோசமான இடத்துல."

"ரெண்டும் சேர்ந்தே இருக்கலாமே?"

"இருக்கலாம். அதனாலதான் தேடினேன். இவங்ககிட்ட இல்ல. இன்னொண்ணும் சொல்லிடறேன். பார்டர்லைன்ங்கறது வசவு இல்ல, அதுக்கும் நல்ல சிகிச்சை இருக்கு. அந்தப் பேரைப் பார்த்ததும் கதவைச் சாத்தற நம்ம விதியே தப்பு. அந்தச் சண்டையை அடுத்த கூட்டத்துக்கு வச்சிருக்கேன்."

"கொண்டாங்க, சண்டைக்கும் தேதி குறிச்சிடலாம்," என்று தலைவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் பேரதிர்ச்சிப் பிரிவில் இடம் கிடைத்தது.

அன்று மாலை பிள்ளைகளுக்கான பாடக்குறிப்பை அக்கா எழுத உட்கார்ந்தாள். "அறிகுறிகளை எண்ணாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த 'முன்னால்' நீங்களாகவும் இருக்கலாம்." கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது ஒல்லி.

முதல் சிகிச்சை நாள். பேட்டி அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. அக்காவின் கணவர் தன் கருவிப் பையோடு வந்து, துறைத் தலைவர் எதிரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பேக்கரிக்காரப் பெண் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்க உக்காரணும்னு நீங்களே சொல்லுங்க," என்றாள் ஒல்லி. "கதவும் உங்க இஷ்டம்."

அவள் நாற்காலியை இழுத்து வாசலைப் பார்த்துப் போட்டாள். பிறகு எழுந்து போய்த் தானே கதவைச் சாத்தினாள். சத்தமே இல்லை. திரும்பி வந்து, நுனியில் இல்லாமல் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப கேளுங்க," என்றாள்.