தகரத்துக்கும் சேர்த்துப் போட்ட இன்வாய்ஸ்

பத்தாவது வரைக்கும் படித்தவன், நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், பேங்குக்கு வரும் வெளிநாட்டுச் செய்தியைப் பற்றி எழுத உட்கார்வது கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். என் தப்பு ஒன்று அதில் இருப்பதால், என்னைவிடச் சரியாக இதை எழுத வேறு ஆள் கிடையாது.

சித்தூரில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் ஒரு ஃபேக்டரியில் நான் இன்வாய்ஸ் போடுகிறவன். கூழ் டிரம்களில் போகும். ஒரு கண்டெய்னருக்கு எண்பது டிரம், ஒரு கண்டெய்னருக்கு ஒரு இன்வாய்ஸ். வளைகுடாவில் இருக்கும் எங்கள் பெரிய வாடிக்கைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்ப மாட்டார். நாலைந்தைச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புவார். அது எங்கள் திருப்பதி பேங்க் கிளைக்கு வரும். பணத்தோடு வரும் செய்தியை அவர்கள் ஒரு அட்வைஸ் தாளாக அச்சடித்துக் கொடுப்பார்கள். எது எதற்கு வந்த பணம் என்பதை அந்தத் தாளில் உள்ள நாலு வரியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வரிக்கு முப்பத்தைந்து எழுத்து. அதற்குமேல் இடம் கிடையாது. மாமியார் வீட்டுக்குப் போட்ட தந்தி மாதிரி இருக்கும்.

அந்த முறை ஐந்து இன்வாய்ஸுக்கு வர வேண்டிய பணம் குறைந்து வந்தது. தாளில் மூன்று இன்வாய்ஸின் எண்கள் இருந்தன. நாலாவது பாதியில் நின்றிருந்தது. கடைசியில் ஒரு சின்னக் கூட்டல் குறி. மை சிந்தியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை.

முதலாளி தாளைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார்.

"கூழ்ல இனிப்பு கொறைஞ்சிருக்கும். அதான் பணத்தப் புடிச்சிக்கினான். லேப்ல தூங்கிக்கினு இருந்தா இப்படித்தான்."

"கேட்டு ஒரு மெயில் போடலாமா சார்?" என்றேன். எனக்கே பாதிதான் கேட்டது.

"கேட்டா, தப்பு நம்மளுதுன்னு நாமளே ஒத்துக்கின மாதிரி ஆவும். வேணாம். திங்கக்கெழமைலேர்ந்து அந்தம்மா பழம் பொறுக்குற லைனுக்குப் போவட்டும். லேப் சாவிய வேற ஆளுக்குக் குடுக்கறேன்."

அந்தம்மா நகரி பக்கத்துக்காரர். வீட்டில் விசைத்தறி. இவர் மட்டும் படித்துவிட்டு எங்கள் லேபில் பதினோரு வருடமாக ஒவ்வொரு டிரம் கூழின் இனிப்பையும் அளந்து எழுதிவைக்கிறார். விஷயம் கேள்விப்பட்டதும் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஏண்ணா, எந்த இன்வாய்ஸ்ல புடிச்சான்?"

"தெரியலம்மா. தாள்ல இல்ல."

"எதுல புடிச்சான்னே தெரியாம என்னிய மட்டும் எப்பிடிண்ணா புடிச்சீங்க?"

தாளை எடுத்து அவரிடமே நீட்டினேன். எந்தப் பணம் எந்த இன்வாய்ஸுக்கு என்று கேட்டு பேங்கும் இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தது. அதைச் சொன்னால்தான் அவர்கள் அந்த ஐந்து ஏற்றுமதிக் கணக்கையும் மூட முடியும். வெள்ளிக்கிழமை நான் திருப்பதிக்குக் கிளம்பினேன். அந்தம்மாவும் லீவு போட்டுவிட்டு, மடியில் மூன்று லேப் ரிஜிஸ்டர்களோடு அதே பஸ்ஸில் ஏறிவிட்டார். வழியெல்லாம் என்னைப் பேசவைக்கப் பார்த்தார்.

"பேங்க்ல நீ பேசுவியாண்ணா, இல்ல நான் ஒன் வாயையும் சேத்து எடுத்தாரணுமா?"

"பேசறேன்."

"எத்தினி எழுத்து பேசுவ? முப்பத்தஞ்சா?"

முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பேங்கில் வெளிநாட்டுப் பிரிவைப் பார்ப்பவர் புத்தூர்க்காரர். "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் உட்காரவைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். தாளை நீட்டினேன். கூட்டல் குறியைக் காட்டி, "இது அழுக்கு" என்றேன்.

"அழுக்கு இல்ல சார். இதுக்குமேல விஷயம் கீது, எடம் பத்தலன்னு அர்த்தம். இப்பல்லாம் செய்தி புது முறையிலதான் வருது. எங்க பிரிண்ட் ஏற்பாடுதான் இன்னும் பழசு. அது பழைய நாலு வரிக்குள்ள அடக்கப் பாத்து, வெட்டிப்புட்டு, ஒரு குறி போட்டுடுது."

கம்ப்யூட்டரில் எதையோ தேடி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வந்தபடியே இருந்த முழுச் செய்தி. நாலு வரி இல்லை. ஐந்து இன்வாய்ஸுக்கும் ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் இன்வாய்ஸ் எண் ஒரு கட்டம், தேதி ஒரு கட்டம், தர வேண்டியது ஒரு கட்டம், பிடித்தது இருந்தால் அதற்கும் அதன் காரணத்துக்கும் கட்டம், கடைசியில் அனுப்பியது.

"பழசுல எல்லாத்தையும் ஒரே பையில கொட்டுவாங்க. இதுல அதது தனித்தனி அறையில கீது," என்றார் அதிகாரி. "ஆனா அனுப்பறவங்க கட்டத்த நெரப்பியிருக்கணும். சில பேர் புதுசுலயும் பழைய மாதிரி ஒரே வரியா எழுதி அனுப்பிடறாங்க. ஒங்க ஆளு நல்லா நெரப்பியிருக்காரு."

மற்ற நாலு பகுதிகளிலும் எதுவும் பிடிக்கவில்லை. நாலாவது இன்வாய்ஸில் மட்டும் பிடித்திருந்தது. காரணத்தை அவர் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "எண்பது டிரம். மொத்த எடைக்கு ரேட் போட்டிருக்கீங்க. நிகர எடைக்கு மட்டும் பணம் அனுப்பறோம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு டிரம்மில் கூழ் 215 கிலோ. வெறும் டிரம் 18 கிலோ. கிடங்கிலிருந்து வரும் எடைத்தாளில் எப்போதும் முதல் பத்தி நிகர எடை, இரண்டாவது டிரம்மும் சேர்ந்த மொத்த எடை. அந்தக் கண்டெய்னர் ஏற்றிய அன்று வேறு ஷிப்டு சூப்பர்வைசர் மொத்த எடையை முதலில் எழுதியிருந்தார். நான் தலைப்பைப் படிக்கவில்லை. வருடக்கணக்கான பழக்கத்தில் முதல் பத்தியை எடுத்து ரேட்டால் பெருக்கிவிட்டேன்.

அந்தம்மா ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏண்ணா, பாவம் அந்த ஆளு. டிரம்மையும் துன்னச் சொன்னியா?"

அதிகாரி இருமுவது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையில் இருந்ததை அப்படியே அச்சடித்துக் கொடுத்தார். "எந்த பில்லுன்னு இப்ப தெரிஞ்சிபோச்சி. மத்த நாலும் மூடிடலாம். இதுக்கு மட்டும் தொகைய கொறைக்கச் சொல்லி ஒரு லெட்டர் குடுங்க."

திரும்பும் பஸ்ஸில் அந்தம்மா கடலை வாங்கி எனக்கும் கொடுத்தார். பஸ் சந்திரகிரியைத் தாண்டியது.

"நான் சார்கிட்ட சொல்லமாட்டேண்ணா," என்றார் பிறகு. "நீயே சொல்லு. பேச வராதுன்னு தப்பிச்சிக்காத."

அன்று மாலையே முதலாளி அறைக்குப் போனேன். பணம் பிடித்த காரணத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டுத் தாளை வைத்தேன். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"இந்த இன்வாய்ஸ் யார் போட்டது?"

"நான்தான் சார். தாள்ல தலைப்பைப் படிக்காம மொத்த எடைய எடுத்துட்டேன். கூழ்மேல தப்பு இல்ல."

அந்த அறையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். கதவுக்கு வெளியே யாரோ கைதட்டினார்கள். யார் என்று தெரியும்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "தகரத்துக்கு மாம்பழ ரேட்டா! அவன் ஒத்துக்கினு இருந்தா நான் டிரம் யாவாரத்துக்கே போயிருப்பேனேய்யா." பிறகு குரலை இறக்கி, "அந்தம்மாவ வரச் சொல்லு," என்றார். அவர் உள்ளே போனபோது நான் வெளியே வந்துவிட்டேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எண்பது டிரம்மின் தகரம் 1,440 கிலோ; அதன் தொகையைக் கழித்து ஒரு கிரெடிட் நோட் போட்டேன். பேங்குக்கு லெட்டர் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். திங்கட்கிழமை காலை லேபை அந்தம்மாதான் தன் சாவியால் திறந்தார்.