டப்பாவை மூடிய துண்டு

வருஷம் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்தே கிடப்பவன், பங்குனி உற்சவத்தில் சாமி தூக்கப் போனேன். தோள் மாற்ற வந்த மச்சானை இரண்டு முறை விரட்டினேன். விரதம் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. மறுநாள் தொடை கல்லாக வீங்கிப்போய், சிறுநீர் கரும் அரக்கு நிறத்தில் போனது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சிகே என்று தசைச் சிதைவைக் காட்டும் அளவைப் பார்த்தார்கள். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

“தசை நைஞ்சு ரத்தத்துல கலந்துடுச்சு. கிட்னி கெடாம இருக்க நிறைய சலைன் ஏத்தணும். வலி மாத்திரை தொடாதீங்க,” என்றார் டாக்டர். ஏற்கெனவே இரண்டு விழுங்கியிருந்தேன். சொன்னதும் அவர் முறைத்தார்.

சிறுநீரை டப்பாவில் பிடித்து அளந்தது என் மனைவி. உடன் சாமி தூக்கியவர்கள் மச்சானோடு பார்க்க வந்ததும், அன்று தோளில் சும்மாடாக வைத்த துண்டை டப்பாமேல் போட்டு மூடினேன்.

“சும்மா ஜுரந்தாம்பா.”

அவள் துண்டைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். பட்டுக்குச் சாயம் பார்ப்பதுபோல டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“முந்தாநேத்து அரக்கு. இன்னிக்குத்தான் மாம்பழக் கலருக்கு வந்துக்குது. நல்லா பாருங்கபா, தோள் மாத்தவே உடாதவரோடது.”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் குனிந்து துண்டை எடுத்தான். உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டான்.