மார்கழிக்கு எழுதிய உப்பு

லாங் பஜாரில் மளிகை வாங்கினால் இந்த வருஷம் ஒரு தேதிக் காலண்டர் இனாம். ஒரே தாளில் இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, தெலுங்குத் திதி, முஸ்லிம் பிறை, நான்கும் ஒண்டுக்குடித்தனம் செய்கின்றன. புரட்டினேன். பக்ரீத் பங்குனியில் இருந்தது. மறு கையில் கல்லுப்புப் பொட்டலம் கசிந்துகொண்டிருந்தது. வாய்க்குள்ளேயே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். பக்ரீத்தும் உப்பும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இப்படித்தான்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் ஸ்டோர் கிளார்க். பக்ரீத் அன்று சுற்றுவட்டாரத்து ஆட்டுத்தோலெல்லாம் எங்கள் வாசலில் குவியும். உடனே உப்பைத் தேய்த்து அடுக்கினால் பிழைக்கும். சும்மா கிடந்தால் மயிர் கையோடு வரும். பிறகு அது எருவுக்குத்தான் லாயக்கு. அந்த உப்பு கடற்கரையிலிருந்து ரயிலில் வர மூன்று வாரம் பிடிக்கும். அதற்குச் சீட்டு எழுதுவது என் வேலை. கையெழுத்துப் போடுவது பச்சைத்தோல் மேஸ்திரி காதர் பாய். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். சீட்டு இங்கிலீஷில் இருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"உப்பு எழுதிட்டியாபா?"

"எழுதிட்டேன் பாய்."

எழுதியதென்னவோ நிஜம். எழுதிய தேதிதான் கோளாறு.

எங்கள் வீடு தெலுங்கு பேசும் வீடு. எங்கள் மாதம் சந்திரனோடு நடக்கும். பன்னிரண்டு மாதம் சேர்ந்தாலும் சூரிய வருஷத்துக்குப் பதினோரு நாள் குறையும். அதனால் மூன்று வருஷத்துக்கு ஒன்று என்று ஓர் அதிக மாதத்தைச் செருகிக்கொள்வோம். யூதர்களும் அப்படித்தானாம். அந்த வருஷம் அதிக ஆஷாடம், அதாவது ஆஷாட மாதமே இரண்டு. முந்தின வருஷம் பக்ரீத், தீபாவளிக்கு அடுத்த அமாவாசை கழிந்து, கார்த்திகை நடுவில் வந்தது. அவர்களுடையதும் சந்திர மாதம்தானே, அவர்களும் ஒன்று செருகியிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டி, பதினோரு நாளைக் கழித்து, ஒரு மாதத்தைக் கூட்டி, மார்கழி முதல் வாரம் என்று கணக்குப் போட்டேன். கார்த்திகைக் கடைசியில் உப்பு வந்தால் போதுமென்று எழுதினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து தெருவில் பட்டாசுக் காகிதம்கூட நனைந்து கிடக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் காதர் பாய் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பிறை தெரிஞ்சிடுச்சுபா. பத்தாம் நாள் பக்ரீத். உப்பு என்னிக்கு வர்து?"

"இந்த அமாவாசைக்கேவா? அதிக மாசம் இருக்கே பாய்!"

"அது உங்களுக்கு. அரபு நாட்டுல முன்னே சேர்த்துக்கினுதான் இருந்தாங்க. இஷ்டத்துக்கு மாசத்தைத் தள்ளிப் போட்றாங்கன்னு நபி காலத்துலயே நிறுத்தியாச்சு. வருஷா வருஷம் பதினோரு நாள் முன்னாலதான் வரும். ஏன்பா மூஞ்சி இப்டி ஆவுது?"

சொன்னேன். அவர் சிரிப்பு போய்விட்டது.

உப்பு டிப்போவுக்குத் தந்தி அடித்தேன். மழையில் ரயில் பாதை அரித்துப்போயிருக்கிறது, சொன்ன தேதிக்குத்தான் என்று பதில் வந்தது. ஜோலார்பேட்டைக்கு ஓடி, நின்றிருந்த வேகன்களில் எல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு மூட்டையை நக்கியும் பார்த்தேன். சர்க்கரை. வாழ்க்கையில் சர்க்கரையை ருசித்து அழுதவன் நான் ஒருவன்தான். மிஷன் பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. ரோமாபுரிக்காரர்கள் வருஷத்தைப் பதினோரு நிமிஷம் நீளமாக வைத்துவிட்டார்களாம். அந்த நிமிஷங்கள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து ஈஸ்டர் பண்டிகையையே பருவம் தப்ப வைத்தன. போப்பாண்டவர் அக்டோபர் நாலுக்கு மறுநாளே பதினைந்து என்று பத்து நாளை எடுத்துவிட்டார். எடுத்த பத்து நாளை எங்கே வைத்தார்? எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பக்ரீத் வந்தது. மளிகைக் கடைகளில் சுரண்டிய உப்பு, என் வீட்டு ஊறுகாய் ஜாடிப் பக்கத்தில் இருந்தது, எல்லாம் சேர்த்தும் கால்வாசித் தோலுக்குத்தான் கண்டது. தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளும் நிரம்பி வழிந்தன. மிச்சம் மழை ஈரத்தில் கிடந்தது. மூன்றாம் நாள் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, உப்புச் சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தக் கையெழுத்து யாருது?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் கேலி பேசும் என் வாய் அன்று திறக்கவில்லை.

"என்னுதுதான், முதலாளி."

அன்றே அவர் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். கேட் வரைக்கும் கூடப் போனேன். "பக்கத்துலயே இருந்தேனேபா. பக்ரீத் எப்போன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கார்த்திகைக் கடைசியில் உப்பு வேகன் வந்தது. நான் எழுதிய தேதி, ஒரு நாள் பிசகவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர் கலவை என்ற ஊர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்தும் போய்விட்டிருந்தார். கிடங்கையும் இடித்துவிட்டார்கள். வருஷம் பதினோரு நாளாக நகர்ந்து, பக்ரீத் மறுபடி அதே கார்த்திகை மழைக்கு வந்து சேர இன்னும் பத்து வருஷம் ஆகும். அவருக்கு இப்போதே அறுபது தாண்டியிருக்கும்.

காலண்டரைச் சுருட்டிக்கொண்டு, கடைக்கார பாயிடம் கேட்டேன்: "பக்ரீத் எப்ப பாய்?"

"இன்னா சார், அதான் கையிலயே போட்டுக் குடுத்திருக்கேனே" என்று சிரித்தார்.