இருமல் வராத புரை

எங்கள் காரைக்காலில் எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு என்றால் சஹன்தான். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவோம். அந்த நால்வரில் ஒருத்தி மாசமாக இருந்துவிட்டால் போச்சு. ஆளாளுக்குக் கறியை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

அன்று அந்த ஒருத்தி என் தங்கை. ஏழு மாசம். எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகு தரித்த பிள்ளை. அவள் மாப்பிள்ளை துபாயில் இருந்தார். அவளும் நானும் உம்மாவும் மாமியும் ஒரு சஹன். நான் நர்ஸ். சாப்பாட்டு வேளையில் கூட வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. "மென்னு தின்னுடி, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். மாமி ஒதுக்கித் தந்த ஜவ்வுக் கறி அவள் வாயில் இருந்தது. யாரோ ஏதோ கேலி பேச, அவள் குபீரென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"புரையேறிடுச்சு பாரு. மாப்புள நெனக்கிறாரு!" என்று மாமி சிரித்துக்கொண்டே அவள் உச்சந்தலையில் தட்டினார். உம்மா தண்ணீர்த் தம்ளரை நீட்டினார். பக்கத்துச் சஹனிலும் சிரிப்பு. புரையேறினால் நாங்கள் எல்லோரும் செய்வதுதான், நானும் எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன்.

ஆனால் இவளுக்கு இருமலே வரவில்லை. இருமல் வந்தால் பயமில்லை. அவர்களை இரும விட்டுவிட வேண்டும், அதைவிட நல்ல மருந்து கிடையாது. இவள் வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. இரண்டு கையும் கழுத்தில். "இருமுடி! பேச முடியுதா?" என்று கத்தினேன். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். உதடு கறுக்கத் தொடங்கியது. யா அல்லாஹ், இரண்டு உயிர்.

தம்ளரைத் தட்டிவிட்டேன். "மாமி, நூத்தியெட்டுக்கு அடிங்க!" அவளை முட்டிபோட வைத்து முன்னால் சாய்த்தேன். ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஓங்கி அடித்தேன். ஒன்று, இரண்டு. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடி பாவி, வயித்துப் புள்ளக்காரிய அடிக்கிறியே!"

"கைய விடுங்க உம்மா, செத்துருவா!"

பெற்றவளை முழங்கையால் தள்ளினேன். மீதி மூன்று அடியும் போட்டேன். வரவில்லை. யாரோ ஒருத்தி வாய்க்குள் விரல் விட வந்தாள். கண்ணுக்குத் தெரியாததைத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். "தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பின்வாங்கினாள்.

மற்றவர்களுக்கென்றால் அடுத்து தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக இழுப்போம். இவளுக்கு அங்கே பிள்ளை இருக்கிறது. பின்னால் மண்டியிட்டு, அவள் அக்குள் வழியே கைகளைக் கொண்டுபோய், நெஞ்செலும்பின் நடுவில் முஷ்டியை வைத்து, மற்றக் கையால் பற்றி, என் பக்கமாக வெடுக்கென்று இழுத்தேன். ஐந்து முறை. மறுபடி முதுகில் ஐந்து. மறுபடி நெஞ்சில். அவள் உடம்பு துவள ஆரம்பித்தது. நினைவு போனால் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் தங்கைக்கு அதைச் செய்ய வேண்டி வந்துவிடக் கூடாது. இன்னொரு முறை இழுத்தேன்.

கறித்துண்டு சோற்றின் மேல் வந்து விழுந்தது. அவள் மூச்சை இழுத்த சத்தம் இருக்கிறதே! பிறகு இருமினாள், அழுதாள். நானும் ஓவென்று அழுதேன்.

நெஞ்சில் அப்படி இழுத்த பிறகு பரிசோதிக்காமல் விடக் கூடாது என்று ஆம்புலன்சிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பிள்ளையின் இதயத் துடிப்பு மெஷினில் டக்டக்கென்று கேட்டது. உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் கோபம் தீரவில்லை.

மறுநாள் காலை உம்மா கையில் ஒரு துண்டோடு என் அறைக்குள் வந்தார்.

"கைப்புள்ளைக்கு இப்புடி ஆனா என்னா செய்யணும்? காட்டு."

துண்டைச் சுருட்டிப் பிள்ளையாக்கினேன். ஒரு வயதுக்குள் வயிற்றை அமுக்கவே கூடாது என்றேன். முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை தாழ, முதுகில் ஐந்து தட்டு. திருப்பி மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில் ஐந்து அழுத்தல். வரும்வரை மாறி மாறி. பெரிய பிள்ளைகளுக்கு நமக்குச் செய்வதுதான், ஆளுக்குத் தக்க பலம்.

உம்மா துண்டைக் கையில் வாங்கினார். தடவிக்கொடுப்பது மாதிரித் தட்டினார்.

"பலமா உம்மா. இப்புடித் தட்டினா வராது."

"தெரியுதுடி," என்றார். கண்ணீர் துண்டின் மேல் விழுந்தது. "நேத்து ஒங் கைய நாந்தானே புடிச்சேன்."

உம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துண்டைக் குப்புறத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார்.