ஏலத்தளம் +0.60

அன்று காலை நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் கட்டடக்கலைப் படிப்பின் நான்காம் ஆண்டு வடிவமைப்பு ஜூரி, அதாவது வரைபடங்களை விளக்கி மதிப்பெண் வாங்கும் தேர்வு, கல்லூரி ஸ்டுடியோவில் அல்லாமல் கோட்டைக்குப்பத்தில், எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் நடந்தது. இடத்தைப் பார்க்காமல் மதிப்பெண் போடமாட்டேன் என்று வெளியிலிருந்து வந்த ஜூரி மேடம் சொல்லியிருந்தார்.
2. எனக்கு முன்னால் நான்கு பேர் முடித்தார்கள். அதில் மூன்று பேருடைய கான்செப்ட், எங்கள் ஏரிக்கரையில் இடிந்து கிடக்கும் பழைய டச்சுக் கோட்டை.
3. நான் ஐந்தாவதாகப் போய் என் ஆறு ஷீட்டுகளைச் சுவரில் ஒட்டினேன்.
4. என்னைக் கேட்ட ஒரு கேள்விக்கு, வாசலில் நின்றிருந்த என் நைனா பதில் சொன்னார்.
5. எல்லோரும் வெளியே போய் ஒரு சவுக்குக் கம்பத்தை அளந்தோம்.
6. திரும்பி வந்தபோது என் கட்டடத்தின் நடுத்தளம் தண்ணீருக்குள் இருந்தது.

எல்லோருக்கும் ஒரே பணிதான்: ஏரிக்கரையில் மீன் இறக்கி, ஏலம் விட்டு, ஐஸ் போட்டு அனுப்ப ஒரு கட்டடம். இதில் தேறாவிட்டால் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். அடுத்த ஆண்டு அலுவலகப் பயிற்சிக்குப் போக முடியாது. நைனா அன்று கடலுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றதற்கு அதுதான் காரணம். ஜன்னலுக்கு வெளியே இறால் பிரிக்கும் அக்காமார் நான்கைந்து பேர்.

"இன்னாமா இது, பரிச்சையா, பஞ்சாயத்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டும்தாங்க," என்றார் எங்கள் ஸ்டுடியோ சார், திரும்பாமலே.

மேடம் என் ஷீட்டுகளை முதலில் தூரத்திலிருந்து பார்த்தார். "இதுவும் கோட்டைதானா?"

"இல்லை மேடம். ஈரம், பாதி ஈரம், உலர்வு. இந்த மூணுதான் கான்செப்ட். கரையில மீன் இறக்கி, கழுவுற இடம் ஈரம். ஏலத்தளம் பாதி ஈரம். ஐஸ் அறையும் வலை பின்னுற கூடமும் உலர்வு. மூணும் மூணு மட்டத்துல இருக்கு."

"அப்பாடா. மறுபடி கோட்டை மூலைகளை எண்ண வேண்டாம்," என்று பிளானுக்கு நகர்ந்தார். "ஐஸ் வண்டி எங்கேருந்து வருது?"

"ரோட்டுப் பக்கம்."

"கூடை தூக்கிட்டு வர்ற பெண்கள்?"

"ஏரிப் பக்கம். ரெண்டு வழியும் குறுக்கே வராது."

"வருது." விரலை வைத்துக் காட்டினார். "கழிப்பறைக்குப் போகணும்னா அவங்க வண்டி பின்னால வர்ற இடத்தைத் தாண்டணும். அந்த டிரைவர் கண்ணாடியில இவங்களைப் பார்ப்பானா?"

பார்த்தேன். அவர் சொன்னது சரி. நோட்டில் எழுதிக்கொண்டேன். இது மாற்றக்கூடியது, கழிப்பறையை மறுகோடிக்கு நகர்த்தினால் போதும். நான் பயப்படவில்லை.

பிறகு அவர் ஏலத்தளத்தைப் பற்றிக் கேட்டார். அதை ஏன் கரையிலிருந்து உயர்த்தி, உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன்? தண்ணீரை ஒட்டியே வைத்தால் படகிலிருந்து நேராக ஏலத்துக்கு வரலாமே, பார்க்கவும் நன்றாக இருக்குமே என்றார்.

"மழைக்காலத்துல தண்ணி மேல வந்துடும் மேடம். தரையில நிக்க முடியாது. அதனாலதான் அறுபது சென்டிமீட்டர் உயரம்."

"எங்கே காட்டியிருக்கே?"

கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல், ஐம்பதுக்கு ஒன்று அளவில் வரைந்த செக்ஷனைக் காட்டினேன். அவர் நெருங்கிப் போய்ப் பார்த்தார். "இதுல ஒரே ஒரு நீர்க்கோடுதான் இருக்கு. இது எந்த மாசத்துத் தண்ணி?"

லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு நான் அளவெடுத்த நாளின் தண்ணீர் அது. அதையே பூஜ்ஜியம் என்று வைத்து, மற்ற எல்லா உயரத்தையும் அதிலிருந்து எழுதியிருந்தேன். முகத்துவாரம் மணல் மூடினால் ஏரி ஒரு மாதிரி, மழையில் ஆறுகள் வந்து விழுந்தால் வேறு மாதிரி. இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நானும் ஷீட்டுக்குச் சொல்லவில்லை.

"மாசி மாசத் தண்ணிமா அது," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "கார்த்தி மாசத்துல வந்து பாருங்க, இன்னா ஆவுதுனு."

மேடம் திரும்பினார். "நீங்க?"

"எங்க நைனா," என்றேன்.

"ஐயா, நீங்க சொல்லக் கூடாது. அவங்க ஷீட் சொல்லணும்."

"யோவ், பொண்ணுக்குப் பிட்டு குடுக்கறியா?" என்று ஜன்னலில் ஒரு அக்கா கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். நைனா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "உன் கான்செப்ட் முழுக்க ஈரத்து மேல நிக்குது. ஈரம் எதுவரைக்கும்னு நீ வரையல. அப்போ அறுபதுங்கறது முடிவா, ஊகமா?"

ஊகம் என்று சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். முடிவு என்று சொல்ல ஆதாரம் வேண்டும். படகு கட்டும் சவுக்குக் கம்பம் நினைவுக்கு வந்தது. அதன் தலை என் அளவுப் புத்தகத்தில் பதினான்காம் புள்ளி, பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றரை மீட்டர். பருவத்துக்கு ஒரு உயரமாகக் கயிறு உராய்ந்து கம்பத்தில் பள்ளங்கள் விழுந்திருக்கும்.

"வெளியே வந்தா அளந்து காட்டறேன் மேடம்."

கூடத்திலிருந்து முப்பது தப்படி தூரம். கம்பத்தில் மூன்று பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. டேப்பின் ஒரு முனையை சார் பிடித்தார். மூன்றையும் அளந்தோம்; மேல் பள்ளம் கம்பத்தின் தலையிலிருந்து இருபது சென்டிமீட்டர் கீழே.

"அப்போ பள்ளத்தோட மட்டம் ஒண்ணு முப்பது," என்றேன். "மழைக்காலத்துல கயிறு இங்கேதான் கட்டுவாங்க."

"தண்ணிக்கு எவ்வளவு மேல கட்டுவீங்க?" என்று மேடம் இந்த முறை நைனாவையே கேட்டார்.

நைனா என்னைப் பார்த்தார். பேசலாமா என்று கேட்கும் பார்வை. தலையாட்டினேன்.

"ஒரு மொழம் மேல. அதுக்குக் கீழ கட்டினா கயிறு ஊறிப் பூடும்."

ஒரு முழம் நாற்பத்தைந்து. ஒன்று முப்பதிலிருந்து கழித்தேன். எண்பத்தைந்து. என் ஏலத்தளம் அறுபது.

அதை மேடம் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன்: "தளத்து மேல இருபத்தஞ்சு சென்டிமீட்டர் தண்ணி நிக்கும் மேடம். உயர்த்தணும்ங்கற முடிவு சரி. உயரம் தப்பு. அது ஊகம்தான்."

"கரையிலேயே வைக்கச் சொன்னேனே, அது?"

"அதுல எண்பத்தஞ்சு நிக்கும்."

சார் டேப்பைச் சுருட்டினார். மேடம் கம்பத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இந்தக் கம்பத்தை ஏன் வரையல?" என்று கேட்டார்.

"தெனமும் பார்க்கறது மேடம். வரையணும்னு தோணல."

உள்ளே போய், அடியிலிருப்பது தெரியும் மெல்லிய பட்டர் ஷீட்டை செக்ஷன் மேல் வைத்து, மூன்று பள்ளங்களுக்கும் மூன்று நீர்க்கோடுகள் போட்டேன். தளத்தை +1.15க்கு ஏற்றினேன். மேல் கோட்டுக்கும் தளத்துக்கும் முப்பது சென்டிமீட்டர் இடைவெளி. பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வில், கூடைக்காரர்கள் ஏறும் சாய்தளம் ஏழு மீட்டர் இருபதிலிருந்து பதிமூன்று எண்பதானது. அது நேராகப் போய் வலைக் கூடத்தைத் தின்றது.

"வலைக் கூடத்தைக் குறைச்சுடு," என்றார் சார்.

"குறைச்சா வலையை நீட்டிப் போட முடியாது சார். சாய்தளத்தை நடுவுல திருப்பறேன்."

மேடம் மதிப்பெண் தாளில் ஏதோ எழுதி மடித்தார். "திருப்பத்துல தலையில கூடையோட ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா எப்படி விலகுவாங்கனு வரைஞ்சு அனுப்பு. ஒரு வாரம்."

அக்காமார் கலைந்தார்கள். போகும்போது ஒருவர் நைனாவிடம், "இன்னாயா, பாஸா?" என்று கேட்டார். "தெரியலயே, இன்னும் கணக்குப் போட்டுக்கினு கீறாங்க," என்றார் அவர்.

ஒரு வாரத்தில் இரண்டு ஷீட்டுகள் அனுப்பினேன்: புதிய செக்ஷனும் சாய்தளத் திருப்பமும். கம்பம் இரண்டிலும் இருக்கிறது. கழிப்பறை மறுகோடிக்குப் போய்விட்டது. பருவத்தில் தேறினேன், நடுத்தர மதிப்பெண்ணுடன். ஏலத்தளம் இப்போது +1.15இல் இருக்கிறது, காகிதத்தில். கரையில் அந்த இடத்தில் இன்னும் எதுவும் கட்டப்படவில்லை.