கிளெமென்ட்டின் ஸ்டாண்ட்பை பம்ப்

பெங்களூர் தொம்மலூரின் பழைய ஊர்ப்பக்கத்தில் கிளெமென்ட் அண்ணாவிடம் திட்டு வாங்காத மோட்டார் கிடையாது. மோட்டாரைத் திட்டிவிட்டு அதன் சொந்தக்காரரையும் திட்டுவார். ஐம்பத்தெட்டு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை மேலே இறைக்கும் பம்பில் அவருடைய அப்பாவுக்கு வேலை; பதினெட்டு வயதில் இவரும் அங்கேயே சேர்ந்தார். சுரங்கத்தை மூடியதும் இவர் ரயிலேறி பெங்களூர் வந்து, இருபத்துச் சொச்சம் ஆண்டுகளாக எங்கள் தெருவின் தரைக்கடிச் சம்புகளுக்கும் மேல்தொட்டிகளுக்கும் நடுவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

வைத்தியம் பார்க்கும் முறையே தனி. ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் கொலை விழும். பிறகு கண்ணைத் திறந்து, "வால்வு போச்சு. இப்பவே மாத்து. நாளைக்குன்னா மோட்டாரும் சேந்து போயிடும்" என்பார். நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுக்கிறவர்களை அவருக்கு அறவே பிடிக்காது.

இப்படிப்பட்ட மனிதர், தன் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு வால்வைப் பதினொரு மாதமாக நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி குளோரியா அக்கா. எங்கள் ஸ்டுடியோவுக்கு மதியச் சாப்பாடு அவர் சமையல்தான். இதயத்தின் இடது பக்க வால்வு சரியாக மூடாமல் கசிகிறது, மாத்திரையால் ஆகாது, ஆபரேஷன் செய்துதான் சரிபண்ண வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஃபைல் அண்ணாவின் ஸ்கூட்டர் டிக்கியில், பைப் ரெஞ்சுக்கும் டெஃப்லான் டேப்புக்கும் நடுவே கிரீஸ் படிந்து கிடந்தது. முதலில் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றார். அப்புறம் தங்கவயலில் அக்கா பையன் கல்யாணம். அப்புறம் வெயில் காலத்தில் வேலை ஜாஸ்தி. மழை வந்ததும், மழையில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று எங்களையே கேட்டார்.

எங்கள் ஸ்டுடியோ மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அண்ணா ஏறி வரும்போது இரண்டாவது மாடியில் நின்று, அங்கே போகும் குழாயை ரொம்ப நேரம் உற்றுப் பார்ப்பார். அந்தக் குழாயில் ஒரு குறையும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் குழந்தைகளுக்கான பாட வீடியோ எடுப்பவர்கள். நான் மைதிலி. எழுதுவேன். கவியரசன் அனிமேஷன் செய்வான். நாமக்கல்லில் இருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, அதை உதறிவிட்டுப் பொம்மைக்கு உயிர் கொடுக்கிறவன். அந்த மாதம் எங்கள் தலைப்பு 'இதயம் ஒரு தண்ணீர் பம்ப்'. நான் எழுதிவிட்டேன். அவன் அழகாக ஒரு நீல மோட்டார் பம்பை வரைந்து, அதற்குக் கண்ணும் புன்னகையும் வைத்து, உள்ளே சக்கரம் விர்ரென்று சுழல, சிவப்புத் தண்ணீர் நிற்காமல் பாய்வதாகச் செய்திருந்தான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேல்தொட்டிக் குழாயைப் பார்க்க வந்த அண்ணா அந்தத் திரையின் முன்னால் நின்றார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"இன்னாம்மா மைதிலி, இது ஹார்ட்டா, மிக்ஸியா?"

"ஏண்ணா? பம்ப்தானே அது?"

"பம்ப்தான். ஆனா இது சுத்துற பம்ப்மா. சக்கரம் சுத்தினுகீற வரைக்கும் தண்ணிய வீசிக்கினே இருக்கும். உன் நெஞ்சுல கை வச்சுப் பாரு. விர்ருன்னு சுத்துதா, லப்டப்புன்னு அடிக்குதா?"

நான் கை வைத்துப் பார்த்தேன். லப்டப் என்றுதான் அடித்தது.

"அது அமுக்குது, விடுது. அமுக்குது, விடுது. அப்போ வால்வு வேணும். வால்வு எங்கடா கவி?"

கவி திரையைப் பார்த்தான். வால்வு இல்லை. "வால்வு இல்லாம அமுக்குனா வந்த வழியே திரும்பிப் போயிடும். பசங்களுக்கு இதையா சொல்லித்தரப் போற?" என்று கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு மண்ணெண்ணெய் பம்ப் இருந்தது. கேனிலிருந்து எண்ணெய் எடுக்கப் பயன்படுமே, சிவப்பு ரப்பர் குமிழும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குழாயுமாக, அதுதான். கவி தன் அனிமேஷனை அழித்தான். அதையே வைத்துப் படம் பிடிப்பது என்று முடிவானது, நடிகர் கிளெமென்ட். தாடியை வழித்துக்கொண்டு வரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

எங்கள் வீடியோக்களில் தப்பு வராமல் பார்க்க ஒரு டாக்டரைக் கூப்பிடுவது வழக்கம். இந்த முறை வந்தவர் இதய டாக்டர் உஷா. குளோரியா அக்காவும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் ஒரு வாளியில், தரையில். காலி வாளி மேஜை மேல். கவி இரண்டையும் தரையில் வைக்கப் போனதற்கு அண்ணா கத்தினார். "மேல வைடா. சமமா வச்சா பசங்களுக்கு எதுவும் புரியாது. காலி வாளிய இன்னும் கீழ வச்சாலோ, அமுக்காமலே தண்ணி தானா ஓடிடும்."

கேமரா ஓடியது. குமிழை அமுக்கினார். "பாருங்க பசங்களா, இப்போ கீழ் வால்வு மூடிக்கிச்சு, மேல் வால்வு தொறந்துச்சு, தண்ணி மேல போச்சு. கைய விடுறேன். மேல் வால்வு மூடிக்கிச்சு, போன தண்ணி திரும்பி வராது. கீழ் வால்வு தொறந்து புதுத் தண்ணி உள்ள வருது."

உஷா மேடம் உற்சாகமாகிவிட்டார். "கரெக்ட். லப்டப்புங்கிறதும் வால்வு மூடுற சத்தம்தான். லப், உள்ளே வர்ற வழி மூடுது. டப், வெளியே போற வழி மூடுது. ஆனா ஒரு குமிழ் போதாது. இதயம்னா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பம்ப். வலது பம்ப் உடம்புல இருந்து வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே காத்து வாங்கிக்கிட்டு வந்ததை இடது பம்ப் உடம்பு முழுக்க அனுப்பும்."

"ரெண்டு பம்ப் ஒரே ஷெட்ல," என்று அண்ணா தலையாட்டினார். "கடவுளுக்கும் இடம் பத்தல போல."

அதோடு முடித்திருக்கலாம். வால்வு கெட்டால் என்ன ஆகும் என்பதையும் காட்டலாமே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அண்ணா பம்பைக் கழற்றி, கீழ் வால்வின் ரப்பரில் கத்தரிக்கோலால் ஒரு ஓரத்தை வெட்டினார். மறுபடி மாட்டி அமுக்கினார். முன்பு இருபது அமுக்கில் மேல் வாளியின் கோடு வரை ஏறிய தண்ணீர் இப்போது பாதிகூட ஏறவில்லை. ஒவ்வொரு அமுக்குக்கும் கீழ் வாளியில் குபுகுபு என்று திரும்பியது. அவர் வேகத்தைக் கூட்டினார். முகம் வியர்த்தது. மூச்சு வாங்கியது. முப்பது அமுக்கில் கையை உதறிக்கொண்டு நிறுத்தினார்.

"இப்படித்தான் அதுவும் கூடுதலா உழைக்கும்," என்றார் உஷா மேடம். "திரும்புற ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும். படி ஏறினா மூச்சு வாங்கும். ரொம்ப நாள் விட்டா இதயமே வீங்கிக் களைச்சுப் போயிடும்." பேசிக்கொண்டே அவர் அண்ணாவைப் பார்த்த பார்வை மாறியது.

நான் எழுதி வைத்திருந்த கடைசிக் கேள்வியைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "இப்படி ஒரு பம்பைக் கொண்டுவந்தா என்ன சொல்வீங்கண்ணா?"

பழக்க தோஷம். யோசிக்காமல் சொன்னார். "இப்பவே மாத்து. நாளைக்குன்னா மோட்டாரும் சேந்து..."

குளோரியா அக்கா எழுந்தார். "சொல்லு. முழுசா சொல்லு. பதினோரு மாசமா டிக்கில ஃபைல வச்சினு சுத்துறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

கவி கேமராவை நிறுத்தவில்லை. நல்ல பையன்.

அண்ணா குமிழை மேஜையில் வைத்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. உஷா மேடத்தைப் பார்த்து, ரொம்ப மெல்லிய குரலில் பேசினார்.

"நாப்பது வருசத்துல ஓடுற பம்பை நான் தொறந்ததே இல்ல மேடம். சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் தொறக்கணும். கை போயிடும். இத ஆஃப் பண்ணா நான் போயிடுவேன். அப்போ ஓட ஓடத்தான தொறப்பீங்க? ஆடிக்கினு இருக்கிறதுல எப்படித் தையல் போடுவீங்க? நானா இருந்தா அந்த வேலைய ஒத்துக்க மாட்டேன்."

இவ்வளவு நாள் நாங்கள் எல்லோரும் இவரைச் சோம்பேறி என்றும் கோழை என்றும் கேலி செய்துகொண்டிருந்தோம். மனிதர் தொழில் சுத்தமாக யோசித்துத்தான் பயந்திருக்கிறார்.

"நிறுத்திட்டுத்தான் செய்வாங்க," என்றார் உஷா மேடம். "அந்த நேரத்துக்கு வெளியே ஒரு மெஷின் இருக்கு. உங்க ரத்தத்தை வாங்கி, காத்து சேர்த்து, உடம்புக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். வேலை முடிஞ்சதும் உங்க இதயத்தை மறுபடி ஓட விடுவாங்க."

அண்ணா வாயைப் பிளந்தார். "ஸ்டாண்ட்பை பம்பா?"

"அதேதான்."

"அட இத யாருமே சொல்லலியே! வால்வு, லீக்கு, ரிஸ்க்குன்னு ஏதேதோ சொன்னாங்க, ஸ்டாண்ட்பை இருக்குன்னு ஒருத்தன் சொன்னானா?" உடனே சந்தேகம் வந்துவிட்டது. "நான் அத பாக்கணும்."

அடுத்த வாரம் ஃபைலைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனோம். உஷா மேடம் ஏற்பாடு செய்து, ஓய்வாக நின்றிருந்த ஒரு மெஷினைக் காட்டச் சொன்னார். அதை இயக்கும் டெக்னீஷியன் ஓர் இளைஞர், பெயர் ஆதிகேசவன். அண்ணா அதைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போன கையைக் குளோரியா அக்கா பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரி. கரண்ட் போனா?"

"பேட்டரி இருக்கு சார்."

"பேட்டரியும் போனா? இது பெங்களூர்ப்பா."

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. மெஷினின் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துப் பொருத்திச் சுற்றிக் காட்டினார். "கையால சுத்துவோம் சார். மாத்தி மாத்தி. நிறுத்த மாட்டோம்."

அண்ணா அந்தக் கைப்பிடியைத் தானும் நான்கு சுற்றுச் சுற்றினார். பிறகு ஆதிகேசவனின் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். "ஸ்வல்ப ஜாஸ்தி சாப்புடுப்பா, கையில பலம் வேணும்," என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.

ஆபரேஷன் அன்று வெளியே நானும் கவியும் குளோரியா அக்காவும் உட்கார்ந்திருந்தோம். மடியில் அக்காவின் வலது கை மணிக்கணக்காக மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெபமாலை என்று நினைத்தேன். கையில் எதுவும் இல்லை.

"என்னக்கா பண்றீங்க?"

"கரண்ட் போயிடுச்சுன்னா?" என்றார். சுற்றுவதை நிறுத்தவில்லை.

உஷா மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "வால்வைச் சரிபண்ணியாச்சு. மெஷினை எடுத்துட்டாங்க. அவரோட சொந்தப் பம்ப் ஓடுது."

அப்போதுதான் அந்தக் கை நின்றது. "முழிச்சதும் நான் ஒண்ணு கேக்கணும் மேடம். ரெண்டாவது மாடில இனிமே என்னாத்தப் பாத்துக்கினு நிப்பாராம்?" என்று கேட்டுவிட்டு, குளோரியா அக்கா என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார்.