தேடி வந்தவர்கள்

வண்ணார்பேட்டைக் கடையில் மோட்டார் பழுது பார்ப்பதை வீடியோ எடுத்து என் சேனலில் போடுகிறேன். வீட்டில் பேச ஆளில்லை. அதனால் வீடியோ தொடக்கத்தில், தினமும் பார்ப்பவர்களிடம் என் காய்ச்சல், தூக்கம் எல்லாம் சொல்வேன். பார்வைகள் குறையவே பயந்துபோய், பக்கத்து செல்போன் கடை அண்ணாச்சியிடம் சேனலின் புள்ளிவிவர வரைபடத்தைக் காட்டினேன்.

"எந்த வழியா வாராவன்னு பாரும். எல்லாம் தேடல்தான். 'மோட்டார் உறுமுது, ஓடல'ன்னு தேடி வாராவ. திரும்ப வாற ஆளுக கோடு தரையோட கெடக்கு."

"அப்ப எனக்காக யாரும் வரலியா, அண்ணாச்சி?"

"ஒம்ம காய்ச்சல எவம் வே தேடுதான்?"

மறுநாள் வீடியோவில் என் காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் நேராக வேலையைத் தொடங்கினேன். கண்டன்சரை மாற்றியதும் மோட்டார் ஓடியது. தேடி வந்தவர்கள் வீடியோவை விட்டுக் கிளம்பும் இடம் அதுதான் என்று இப்போது தெரியும். ஆனாலும் கேமராவை உடனே அணைக்க மனம் வரவில்லை.